ஏதோ பார்த்தேன், ஏதோ தோணுச்சு

நீங்க சன்னலோரமே இருங்க அம்மணி, எனக்கு இந்தப் பக்கமே போதும். பையா? மடியிலயே இருக்கட்டுங்க. மேல வெச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்னு இல்ல, நான் அப்படியெல்லாம் சந்தேகப்படறவ கிடையாது. கண்ணு முன்னால இருந்தா ஒரு நிம்மதி, அவ்வளவுதான். பொள்ளாச்சிங்களா? நான் கிணத்துக்கடவுல இறங்கிக்குவேன்.

ஒரு உதவி பண்ணுவீங்களா? படிச்சவங்களாட்டத் தெரியுது, அதான் கேக்கறேன். பஸ் உக்கடத்துல நிக்கும்போது எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. எங்க கம்பெனி மேடம் போட்டிருக்காங்க. கம்பெனி பேரு வேண்டாமுங்க. மோட்டார் பம்புசெட் பண்ற கம்பெனி, அது போதும். நான் அங்க டெஸ்டிங்ல இருக்கேன். கோகிலவாணின்னு பேரு. இந்தாங்க, இதை ஒருக்கா படிச்சுப் பாருங்க. படிச்சுட்டு, இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லுங்க.

சத்தமாவே படிங்க, பரவால்ல. "கோகிலா, அந்த ரப்பர் விஷயத்தில் நீ செய்தது நல்ல வேலை. அவ்வளவு பொறுமையாக யாரும் தேடி நான் பார்த்ததில்லை. அரசூர் யூனிட்டில் டெஸ்டிங் பொறுப்புக்கு ஆள் கேட்கிறார்கள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது சரிதானே? ஒரு வரி பதில் போடு. சாயங்காலம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்."

என்ன, பாராட்டியிருக்காங்களா? அது எனக்கும் தெரியுதுங்க. தமிழ் படிக்கத் தெரியாமயா உங்ககிட்டக் குடுத்தேன். எதுக்குப் பாராட்டியிருக்காங்கன்னு கேக்கறேன். "நான் சொன்னது சரிதானே"ன்னு கடைசியில ஒரு கொக்கி போட்டிருக்காங்களே, அது எதுக்குன்னு கேக்கறேன்.

உங்களுக்குத் தெரியாது, முன்னக் கதை இருக்குது. சொன்னாத்தான் விளங்கும். மலுமிச்சம்பட்டி தாண்டறதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

போன வருசம் தாராபுரம் பக்கமிருந்து மோட்டாரு வரிசையா திரும்பி வந்துச்சுங்க. போர்வெல்லுக்குள்ள எறக்கற மோட்டாரு. எறக்கிக் கொஞ்ச நாள் ஓடுது, அப்புறம் உள்ள கம்பி சுத்தியிருக்கற காயில் கருகி நின்னு போகுது. ஊர்ல விவசாயிங்க பூராம் டீலரைப் புடிச்சுக் கத்த, டீலரு எங்களைப் புடிச்சுக் கத்த, ஒரே அக்கப்போரு. எங்க இன்ஜினியருங்க எல்லாம் என்ன சொன்னாங்கன்னா, அந்தப் பக்கம் கரண்டு ஏறி எறங்குது, வோல்டேஜ் சரியில்ல, அதான் கருகுதுன்னாங்க. வர்ற மோட்டாரைப் பிரிக்கறது, கருகுன காயிலைப் பாக்கறது, உச்சு கொட்டறது, மூடறது. இதே வேலையா இருந்தாங்க.

நான் என்ன பண்ணுனேன்னா, காயிலைப் பாக்கல. அதைத்தான் எல்லாரும் பாக்கறாங்களே, நாம எதுக்குன்னு, நடுவுல சுத்தற தண்டு இருக்குதில்லீங்களா, சாஃப்ட்டு, அதை எடுத்து வெளிச்சத்துல வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அதோட மேல் நுனியில ஒரு ரப்பர் தொப்பி போட்டிருக்கும். தண்ணியில வர்ற மணல் மோட்டாருக்குள்ள போகாம தடுக்கறதுக்கு. அது சாஃப்ட்டை இறுக்கிப் புடிச்சு, கூடவே சேர்ந்து சுத்தணும். சேர்ந்து சுத்துனா அந்த எடத்துல தேய்மானமே இருக்கக்கூடாது. ஆனா அங்க மோதிரம் போட்ட விரல் மாதிரி ஒரு வளையம் மினுமினுன்னு இருந்துச்சு. அப்ப ரப்பர் நழுவுது. நழுவுனா மணலு உள்ள போகுது. மணலு போனா சாஃப்ட்டைத் தாங்கற புஷ்ஷு தேயுது, உள்ள சுத்தறது வெளிய இருக்கற காயில் பக்கம் சாஞ்சு உரசுது, உரசி உரசித்தான் கருகுது. கரண்டு பாவம், அது என்ன பண்ணும்.

அதோட விட்டுட்டனா? ஸ்டோர்ல ஜெயமணி அண்ணன்னு ஒருத்தரு இருக்காரு, அவருகிட்ட போயி ரப்பர் எப்ப மாறுச்சுன்னு கேட்டேன். அவரு யோசிச்சு, பழைய ஆளுகிட்ட வாங்கறதை நிறுத்தி வேற எடத்துல எடுக்க ஆரம்பிச்சது எப்பன்னு சொன்னாரு, மூலையில கெடந்த பழைய ரப்பரும் ஒரு கைப்பிடி தேடிக் குடுத்தாரு. பழசையும் புதுசையும் ஒரே பக்கெட்டுத் தண்ணியில போட்டு வெச்சேன். கக்கூஸ் பக்கெட்டுன்னு நெனச்சு கூட்டற அம்மா ரெண்டு தடவை கொட்டிப்போட்டாங்க. திருப்பிப் போட்டேன். தெனமும் எடுத்துத் தொடைச்சு அளந்தேன். பழசு அப்படியே இருக்குது. புதுசு தண்ணியக் குடிச்சு ஊதிப்போயி, உள்வட்டம் பெருசாயிடுச்சு. அப்புறம் எங்க இறுக்கிப் புடிக்கறது? தொளதொளன்னு நிக்குது.

கண்டுபுடிச்சது நான்தாங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ, நான் யாரோ.

இப்ப மேடத்துக்கு வர்றேன். மரகதம் மேடம்னு பேரு. குவாலிட்டிக்கு அவங்கதான் டெபுடி மேனேஜரு. என்னைவிட ரெண்டு மூணு வயசு மூத்தவங்களா இருப்பாங்க, அவ்வளவுதான், ஆனா படிப்பு அதிகம், சர்வீசு அதிகம். ஒருநா கேன்டீனுக்குப் போற வழியில என்னைய நிறுத்தி, "கோகிலா, எல்லாரும் கருகுனதைப் பாத்தாங்க, நீ கருகாததைப் பாத்த. நல்ல வேலை பண்ணியிருக்க"ன்னாங்க.

எனக்கு உடனே என்ன கேக்கப்போறாங்களோன்னு ஆயிருச்சு. ஏன்னு கேக்கறீங்களா? சும்மா யாருங்க பாராட்டுவாங்க? எங்க கொழுந்தனாரு ஒருநா வந்து, அண்ணி, உங்க காப்பி மாதிரி இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுலயே கெடையாதுன்னாரு. நானும் பல்லை இளிச்சுட்டு ரெண்டாவது டம்ளரு ஊத்துனேன். அடுத்த வாரம் என் மாமியாரைக் கொண்டாந்து எங்க வீட்ல எறக்கிட்டுப் போனவரு, அப்புறம் எட்டிப் பாக்கல. காப்பி இப்பவும் நான்தான் போடறேன்.

அதனால நான் உசாராயிட்டேன். மேடத்துகிட்ட, "ஐயோ மேடம், நான் என்ன மேடம் பண்ணுனேன், எல்லாம் உங்க வழிகாட்டுதல்தான் மேடம், ரொம்ப ரொம்ப நன்றி மேடம், நீங்க இல்லாட்டி நான் என்ன மேடம், உங்க பெரிய மனசு மேடம், ரொம்ப தேங்க்ஸ் மேடம்"னு சொல்லிட்டே பின்னாலயே நகந்தேன். அவங்க நின்னு கேட்டுட்டே இருந்தாங்க. அப்புறம் சொல்றாங்க, "நான் வழி ஒண்ணும் காட்டலயே கோகிலா. நீ பக்கெட்டு வெச்சப்ப நான் லீவுல இருந்தேன்"ன்னு.

கவனிச்சீங்களா? லீவுல இருந்தேங்கறாங்க. அதை ஏன் அந்த நேரத்துல சொல்லணும்? நாளைக்கு இந்த ரப்பர் விவகாரம் ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னா, நான் அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னு கையைக் கழுவிக்கறதுக்கு. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு.

சிரிக்கறீங்க. கேளுங்க, இன்னும் இருக்குது.

அப்புறம் மாசாந்தர மீட்டிங்கு வந்துச்சு. பெரிய டேபிளு, சுத்தி எல்லா டிபார்ட்மென்ட்டும். தலைமாட்டுல பிளான்ட் ஹெட்டு, சுந்தரவடிவேல் சாரு. நல்ல மனுசன், ஆனா எதைச் சொன்னாலும் ஏன், எப்படி, எதனாலன்னு குடைவாரு. மோட்டாரு பேச்சு வந்ததும் மரகதம் மேடம் எழுந்திரிச்சு, "சார், காரணத்தைக் கண்டுபிடிச்சது கோகிலவாணி. நாங்கள்லாம் காயிலையே பாத்துட்டிருந்தோம். இவங்கதான் சாஃப்ட்டைப் பாத்துப் புடிச்சாங்க. ரொம்ப நிதானமா, அருமையா பண்ணியிருக்காங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. அந்த டேபிள்ல உக்காந்திருந்த இன்ஜினியருங்க பூராம் வோல்டேஜுன்னு சொன்னவங்க. அவங்க முன்னாடி என்னையத் தூக்கி நிறுத்துனா என்ன அர்த்தம்? இவளை எல்லாருக்கும் ஆகாதவளா ஆக்கிடலாம்னு தானே? நான் சிக்குவனா? எழுந்திரிச்சு கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயோ சார், நான் ஒண்ணும் பண்ணலீங்க சார். ஏதோ பாத்தேன், ஏதோ தோணுச்சு. எல்லாம் மேடத்தோட ஆசீர்வாதம், கடவுள் புண்ணியம்"னேன்.

நம்ம பக்கம் அப்படித்தானுங்களே சொல்றது? வீடு கட்டுனவங்களைக் கேட்டா ஏதோ கட்டுனோம்பாங்க. புள்ளைக்குக் கண்ணாலம் பண்ணுனவங்களைக் கேட்டா ஏதோ பண்ணி முடிச்சோம்பாங்க. அதுக்கு ஏனோதானோன்னு பண்ணுனாங்கன்னா அர்த்தம்? கேக்கறவங்க, அப்படியில்லீங்க, ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கன்னு சொல்லணும், நாம இல்லைங்கணும், அவங்க மறுபடி சொல்லணும். அதுதானே மொறை.

அந்த மனுசன் மொறை தெரியாத மனுசன். பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பாத்து, "ஏதோன்னா? எதைப் பாத்தீங்க?"ன்னாரு.

"சும்மா, ஏதோதான் சார்."

"சாஃப்ட்டுல என்ன இருந்துச்சு?"

"என்னமோ மினுக்குன மாதிரி இருந்துச்சுங்க சார். ஏதோ அதிர்ஷ்டம்."

"மறுபடி இதே மாதிரி வந்தா, இன்னொருத்தரும் கண்டுபுடிக்க முடியுமா?"

"அதெப்படிங்க சார் சொல்றது, எனக்கு என்ன தெரியும்"னேன்.

அவரு மேடம் பக்கம் திரும்பிட்டாரு. "மேடம், ஏதோன்னு சொல்லி ரப்பர்காரன்கிட்ட சரக்கைத் திருப்பியனுப்ப முடியாது. வெளி லேப்புக்கு அனுப்புங்க, அவங்க டெஸ்ட் பண்ணட்டும்"னுட்டாரு. மேடத்தோட முகம் பொசுக்குன்னு சுருங்கிப்போச்சு. எனக்குப் பாவமா இருந்துச்சு, ஆனா மாட்டிக்காம தப்பிச்சோம்னு ஒரு ஆறுதலும் இருந்துச்சு. பக்கெட்டுத் தண்ணியில அளந்ததையெல்லாம் சொல்லியிருக்கலாந்தான். சொன்னா பீத்திக்கற மாதிரி இருக்காதுங்களா?

அதே மீட்டிங்குல அடுத்து நதியாவைப் பாராட்டுனாங்க. நதியா யாருன்னா, கேபிள் ஜாயின்ட்டு பாக்கற பொண்ணு. என்னைவிட சர்வீசு கம்மி. மோட்டாரோட ஒயரும் கேபிளும் சேர்ற எடத்துல டேப் சுத்துவோம், அது தண்ணிக்குள்ள பிரிஞ்சுக்குதுன்னு கண்டுபுடிச்சு, சுத்தற விதத்தை மாத்தியிருந்தா. மேடம், "நதியா இந்த மாசம் நல்லா பண்ணுனாங்க சார், ஒரு ஜாயின்ட்டு கூட திரும்பி வரல"ன்னாங்க. அவ என்ன பண்ணுனாங்கறீங்க?

உக்காந்த எடத்துலயே நிமிர்ந்து, மேடத்தைப் பாத்து, "நன்றி மேடம்"னா. ஒரே ஒரு நன்றி. அப்புறம், "பழைய முறையை மாத்தறதுக்கு எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. சரியா வந்ததுல சந்தோசமா இருக்குது. ஜெயமணி அண்ணன் பழைய டேப்பைத் தேடிக் குடுத்தாரு, அது இல்லாட்டி ரெண்டையும் வெச்சுப் பாத்திருக்க முடியாது"ன்னா. அவ்வளவுதான். வாயை மூடிட்டா. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. ஐயோ மேடம் இல்ல, உங்க ஆசீர்வாதம் இல்ல, திருப்பி மேடத்தை ஒரு வார்த்தை புகழ்ந்து வெக்கணும்ங்கற இங்கிதம் இல்ல. நான் பண்ணலீங்கன்னு பேச்சுக்குக்கூட ஒரு தடவை சொல்லல அம்மணி. குடுத்ததை வாங்கி மடியில கட்டிக்கிட்டா.

சாரு அவகிட்டயும் குடைஞ்சாரு. டேப் எத்தனை சுத்து, ஒண்ணு மேல ஒண்ணு எவ்வளவு ஏத்தி சுத்தணும்னு கேட்டாரு. தெரிஞ்சதுக்குச் சொன்னா. வெயில் காலத்துல டேப்போட பசை எளகாதான்னு கேட்டதுக்கு, "அது இன்னும் பாக்கல சார், பாத்துட்டுச் சொல்றேன்"னா. தெரியாததைத் தெரியாதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்றா, தெரிஞ்சதைத் தெரியும்னும் நெஞ்சை நிமித்திச் சொல்றா. என்ன திமிருன்னு பாருங்க. சாரு பேனாவை எடுத்து எழுதிக்கிட்டாரு.

மீட்டிங்கு முடிஞ்சு வெளிய வந்ததும் மேடம் என்கிட்ட வந்தாங்க. கோவமா இல்ல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. "கோகிலா, நான் அத்தனை பேரு முன்னாடி நீ நல்லா பண்ணுனன்னு சொன்னேன். நீ ஒண்ணுமே பண்ணலைன்னுட்ட. அப்ப நான் சொன்னது பொய்யா?"ன்னாங்க.

"ஐயோ மேடம், நீங்க போயி பொய் சொல்வீங்களா"ன்னேன்.

"அப்ப நீ சொன்னது பொய்யா?"

எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. நான் மறுபடி, "மன்னிச்சுக்கங்க மேடம், ரொம்ப நன்றி மேடம்"னு நாலஞ்சு தடவை சொன்னேன். அவங்க, "உனக்கு நன்றி சொல்லப் புடிக்கலைன்னா பரவால்ல, சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். நான் உன்னைத் தாங்கிப் புடிச்சிருப்பேன்"னுட்டுப் போயிட்டாங்க. தாங்கிப் புடிக்கறாங்களாம். என்னைய எதுக்குத் தாங்கணும், நான் என்ன விழுந்துட்டனா?

கொஞ்ச நாள் கழிச்சு டெஸ்டிங் லேப்புக்குப் பொறுப்பு போட்டாங்க. யாருக்குன்னு நெனைக்கறீங்க? நதியாவுக்கு. அதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சதுங்க. அந்த மீட்டிங்கே அதுக்கு நடத்துன நாடகம். என்னையப் பாராட்டற மாதிரி பாராட்டி, எழுந்து நிக்க வெச்சு, சாரை விட்டுக் குடைய வெச்சு, இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என் வாயாலயே சொல்ல வெச்சுட்டாங்க. எவ்வளவு நுணுக்கமா பண்ணியிருக்காங்க பாருங்க.

வெளி லேப்புல இருந்து ரிப்போட்டு வந்துச்சு. ரப்பர் தண்ணியில ஊதுதுன்னு. நான் பக்கெட்டுல பாத்ததேதான். இத்தனை மாசம் கழிச்சு, அதுக்குள்ள இன்னும் எத்தனையோ மோட்டாரு கருகி வந்ததுக்கப்புறம். ரிப்போட்டுல என் பேரு இருந்துச்சுங்கறீங்களா? இல்ல. லேப்போட பேருதான் இருக்குது. அதுவும் திட்டம் போட்டுத்தானே.

ஜெயமணி அண்ணனும் அவங்க கூட்டுதான், அதையும் சொல்லிப்போடறேன். அந்த மீட்டிங்குக்கு அப்புறம் அவரு என்கிட்ட சரியாப் பேசறதில்ல. ஒருநா கேட்டே போட்டேன், என்னண்ணா மூஞ்சியத் திருப்பறீங்கன்னு. "நீ மேடத்துக்கு நன்றி சொன்ன, கடவுளுக்கு நன்றி சொன்ன. மூட்டையை உருட்டி ரப்பர் தேடிக் குடுத்தவன் பேரு உன் வாயில வரல. அந்தப் புள்ளை ஒரே ஒரு பேரு சொல்லுச்சு, அது என் பேரு"ன்னாரு. நதியா என்னமோ வாங்கிக் குடுத்திருக்கா, வேறென்ன. நான் எல்லாருக்கும் சேத்துத்தானே நன்றி சொன்னேன், அதுல அவரும் வந்துடறாரில்லீங்க?

ஒரு நிமிசம், கண்டக்டருக்குச் சில்லறை குடுத்துக்கறேன். கிணத்துக்கடவு ஒண்ணு.

ம், எங்க விட்டேன். அதுதாங்க கதை. இப்பத் தெரியுதா ஏன் இந்த மெசேஜைப் பாத்ததும் எனக்குப் பகீர்னுச்சுன்னு. மறுபடி பாராட்டறாங்க. அதே ரப்பரை வெச்சு. இந்தத் தடவை அரசூருக்கு.

என்னங்க கேட்டீங்க? எனக்கு அந்த வேலை வேணுமாவா?

வேணுங்க. உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கறது. ரொம்ப வேணும். இத்தனை வருசமா நான் பாத்த டெஸ்டுக்கெல்லாம் அடியில யாரோ கையெழுத்துப் போடறாங்க. எனக்குன்னு ஒரு ரூமு, எனக்குன்னு ஒரு டேபிளு, நான் வெச்ச பக்கெட்டை யாரும் கேக்காம கொட்டாத ஒரு எடம். அரசூர்ல புது பில்டிங்கு. போன மாசம் ஒரு வேலையா போயிருந்தப்ப அந்த டெஸ்டிங் தொட்டியைப் பாத்தேன். தரையெல்லாம் பளிச்சுனு, வெளிச்சம் நேரா தொட்டிக்குள்ள விழுந்துச்சு. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். வீட்ல கூட சொல்லல. சொன்னா கண்ணு பட்டுரும்.

அப்ப என்ன எழுதறதுங்கறீங்க? சொல்லுங்க, நீங்க சொல்றதையும் கேக்கலாம். "நன்றி மேடம். ஆமா, அதைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். அரசூர் வரச் சம்மதம்." அவ்வளவேதானா? அதுக்கு மேல ஒண்ணுமில்லீங்களா?

சரி, அடிச்சுப் பாக்கறேன். நன்றி மேடம். ஆமா. அதைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். ஐயோ, பாருங்களேன், அம்மணமா நிக்கற மாதிரி இருக்குது. நான்தான்னு எப்படிங்க எழுதறது. நீங்க கொஞ்சம் அவசரப்படுத்தறீங்களோன்னு இருக்குது. இல்ல, ஒண்ணுமில்ல, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க சொந்தக்காரங்க யாராச்சும் பம்பு கம்பெனியில இருக்காங்களா? இல்லையா. சரி, சரி, சும்மாதான் கேட்டேன்.

இதை அப்படியே அனுப்புனா என்ன ஆகும்? மேடம் இதை நாலு பேருகிட்டக் காட்டி, பாத்தீங்களா, எப்படி நான் நான்னு குதிக்கறான்னு சொல்ல மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? அவங்களே கேட்டாங்கங்கறீங்க. கேட்டாங்க, சரி. ஆனா கேட்டதும் ஆமான்னு சொல்லிடறதா? ஒருதடவை இல்லைங்கணும். அவங்க, இல்ல கோகிலா, நீதான் பண்ணுன, நீதான் போகணும்னு இன்னொருக்கா வற்புறுத்துனாத்தானே அவங்க நெசமாத்தான் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியும். எலை போட்டதும் உக்காந்து சோத்தை அள்ளுனா நல்லாவா இருக்குது?

இருங்க, நானே அடிக்கறேன். என் பாணியில. "மரியாதைக்குரிய மேடம், ரொம்ப ரொம்ப நன்றி மேடம். நான் என்ன மேடம் பெருசா பண்ணேன், ஏதோ உங்க ஆசீர்வாதம். உங்க அறிவுக்கு முன்னாடி நான் எம்மாத்திரம். அரசூர் மாதிரி பெரிய பொறுப்புக்கெல்லாம் எனக்கு என்ன தகுதி இருக்குது மேடம். என்னைவிட நல்லவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. உங்க பெரிய மனசுக்கு மறுபடியும் நன்றி மேடம், நன்றி." எப்படி? கூடவே கும்பிடற கை படம் ஒண்ணு. ரெண்டா போட்டுக்கலாம்.

தலையை ஆட்டாதீங்க. நீங்க சின்னவங்க, உங்களுக்குத் தெரியாது. இதைப் பாத்தா அவங்களுக்கு மனசு எளகிரும். என்ன கோகிலா இப்படிச் சொல்ற, உன்னை விட்டா யாரு இருக்காங்கன்னு இப்பவே பதில் வரும் பாருங்க. அப்ப நாம பெரிய மனசு பண்ணி, சரிங்க மேடம், நீங்க சொன்னா சரின்னு ஒத்துக்கலாம். அதுல மாட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. அனுப்பிட்டேன்.

ரெண்டு டிக்கு நீலமாயிருச்சு. படிச்சுட்டாங்க. டைப் பண்றாங்க. நான் சொன்னேன்ல.

வந்துருச்சு. நீங்களே சத்தமா படிங்க, உங்க வாயாலயே கேக்கறேன். என்னது?

மறுபடி படிங்க.

"சரி கோகிலா. புரிகிறது. உனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் உன்னை இதில் கஷ்டப்படுத்த மாட்டேன்."

விருப்பமில்லைன்னு நான் எங்கீங்க சொன்னேன்? மேல தள்ளிப் பாருங்க. நன்றின்னு இருக்குது. ஆசீர்வாதம்னு இருக்குது. தகுதி இல்லைன்னு இருக்குது, அது சும்மா. நல்லவங்க இருக்காங்கன்னு இருக்குது, அது பேச்சுக்கு. வேண்டாம்னு ஒரு எடத்துலயாவது இருக்குதா? நீங்க படிச்சவங்கதானே, சொல்லுங்க. இருக்குதா?

இப்பப் போன் பண்றேன். அடிக்குது. எடுக்கல. எடுக்க மாட்டேங்கறாங்க. இப்ப பிஸின்னு வருது. யாருகிட்டப் பேசிட்டிருப்பாங்க? அரசூர்காரங்ககிட்டத்தான். என்ன சொல்லிட்டிருப்பாங்க? நான் எழுதுனதைத்தான் சொல்லிட்டிருப்பாங்க. ஒரு எழுத்து மாத்தாம.

ஊரு வந்துருச்சுங்க, எறங்கணும். கொஞ்சம் காலை மடக்கிக்கங்க. ஏனுங்க அம்மணி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. அந்தம்மா கேன்டீன் வாசல்ல சொன்னாங்க, நான் நம்பல. மீட்டிங்குல சொன்னாங்க, நான் நம்பல. இன்னைக்கு எழுதியே அனுப்புனாங்க, அதையும் நம்பல. அவங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்புனதில்ல. ஆனா நான் தகுதியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதை அப்படியே நம்பிட்டாங்களேங்க.